மாதம் ₹79 என்ற விலைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

முதல் முறையாக இணையதளம் தொடங்குகிறவரின் கண்ணில் முதலில் படுவது பெரிய எழுத்தில் இருக்கும் ஒரு விலை: மாதம் ₹79. பக்கத்திலேயே ₹399 என்று எழுதி அடித்திருக்கும். 80 சதவீதம் தள்ளுபடி, டொமைன் இலவசம், எஸ்எஸ்எல் இலவசம். நான்கு ஆண்டுக்குப் பணம் கட்டி, தளம் ஓடத் தொடங்கி, ஹோஸ்டிங் என்று ஒன்று இருப்பதே மறந்துபோன பிறகு ஒரு நாள் புதுப்பிப்பு பில் வருகிறது. அதில் மாதம் ₹349 என்று இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பெரும்பாலும் அந்த ₹349, பணம் கட்டிய அன்றே அதே பக்கத்தில் சாம்பல் நிறச் சிறு எழுத்தில் இருந்திருக்கும். வாங்கியவர் அதைப் படித்திருக்க மாட்டார். படித்திருந்தாலும் நான்கு ஆண்டு கழித்து வரப்போகும் செலவு அன்று பெரிதாகத் தெரிந்திருக்காது.

இங்கே நான் போடும் ரூபாய்க் கணக்கு விளக்கத்துக்கான மாதிரிதான், எந்த நிறுவனத்தின் விலைப்பட்டியலும் அல்ல. ஆனால் புதுப்பிப்பு விலை அறிமுக விலையைப் போல மூன்று, நான்கு மடங்கு இருப்பது இந்தச் சந்தையில் வெகு சாதாரணம். அது ஏன் என்று புரிந்தால், நான்கு ஆண்டுத் திட்டத்தை எப்போது வாங்கலாம், எப்போது வாங்கக் கூடாது என்பதும் புரியும்.

சர்வர் செலவல்ல, ஆள் பிடிக்கும் செலவு

ஆரம்பநிலைக்காரர்கள் வாங்குவது பெரும்பாலும் ஷேர்டு ஹோஸ்டிங். ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்களைப் பிரித்து வைக்கும் ஏற்பாடு அது. நாளொன்றுக்கு ஐம்பது பேர் வந்து போகும் ஒரு தளம் அந்த சர்வரின் திறனில் மிகச் சிறிய பங்கையே எடுத்துக்கொள்கிறது. இயந்திரம், மின்சாரம், இணைய இணைப்பு, கன்ட்ரோல் பேனல் உரிமம், உதவிக்கு உட்கார்ந்திருக்கும் ஆட்களின் சம்பளம் என எல்லாவற்றையும் பங்கு பிரித்தால், ஒரு சிறிய வாடிக்கையாளரை வைத்துக்கொள்ள ஆகும் செலவு குறைவுதான்.

அதிகம் செலவாவது அந்த வாடிக்கையாளரைக் கண்டுபிடித்துக் கொண்டுவரத்தான். கூகுளில் ஹோஸ்டிங் என்று தேடினால் மேலே வரும் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் நிறுவனம் கிளிக்குக்குக் கிளிக் பணம் கொடுக்கிறது. அதைவிடப் பெரியது பரிந்துரைக் கமிஷன். 'சிறந்த பத்து ஹோஸ்டிங்' என்று பட்டியல் போடும் தளங்களும், 'கீழே இருக்கும் லிங்க்கில் வாங்குங்கள், கூப்பன் கோடு தருகிறேன்' என்று சொல்லும் வீடியோக்களும் பெரும்பாலும் இந்தக் கமிஷனில்தான் ஓடுகின்றன. ஒரு விற்பனைக்கு 50 டாலருக்கு மேல் தருவதாகப் பெரிய நிறுவனங்கள் தங்கள் பக்கத்திலேயே அறிவிக்கின்றன. நம் பணத்தில் அது ₹4,000-ஐத் தாண்டும்.

மாதம் ₹79 வீதம் ஒரு ஆண்டுக்கு ஒருவர் கொடுப்பது ₹948. அவரைக் கொண்டுவந்து சேர்த்தவருக்கு நிறுவனம் ₹4,000 கொடுத்திருந்தால், அந்த ஆண்டில் போட்ட பணம் திரும்பாது. அதனால் நிறுவனம் இரண்டு வேலை செய்கிறது. முதலாவது, ₹79 என்ற விலையை 48 மாதப் பணத்தை ஒரே தவணையில் கட்டுபவருக்கு மட்டும் தருகிறது. 48 மாதத்துக்கு ₹3,792. கமிஷனாகக் கொடுத்த தொகைக்கு அருகில் வருகிறது, அதுவும் முதல் நாளே ரொக்கமாக. இரண்டாவது, லாபத்தைப் புதுப்பிப்பில் வைத்துக்கொள்கிறது. அறிமுக விலையை ஒரு விளம்பரச் செலவாகவும், புதுப்பிப்பு விலையை உண்மையான விற்பனை விலையாகவும் பார்த்தால் முழுப் படமும் தெளிவாகிவிடும்.

புதுப்பிக்கும் நேரத்தில் யார் மிச்சம் இருக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். ஆர்வத்தில் தொடங்கிப் பாதியில் விட்டவர்கள் அதற்குள் போய்விட்டிருப்பார்கள். மிச்சம் இருப்பவர்களுக்கு அந்தத் தளம் வேலைக்கு வேண்டும். விசிட்டிங் கார்டில் முகவரி அச்சாகியிருக்கிறது, அந்த டொமைனில் மின்னஞ்சல் ஓடுகிறது, கூகுள் தேடலில் பெயர் வருகிறது. வேறு இடத்துக்கு மாற்றினால் எதையாவது உடைத்துவிடுவோமோ என்ற பயமும் இருக்கிறது. ₹349 என்பது இவர்களுக்காக வைக்கப்பட்ட விலை. சர்வர் எவ்வளவு சாப்பிடுகிறது என்பதைவிட, கிளம்பிப்போவது இவர்களுக்கு எவ்வளவு சிரமம் என்பதே அந்த எண்ணைத் தீர்மானிக்கிறது.

'எங்கள் செலவும் ஏறிவிட்டது' என்று நிறுவனங்கள் சொல்வது முழுப் பொய் அல்ல. பரவலாகப் பயன்படும் சிபேனல் மென்பொருள் 2019-ல் தன் உரிமக் கட்டண முறையை மாற்றி, சர்வரில் எத்தனை கணக்குகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்து வசூலிக்கத் தொடங்கியது. அது பல சிறிய நிறுவனங்களை நிஜமாகவே பாதித்தது. ஆனால் அப்படிப்பட்ட ஏற்றம் புது வாடிக்கையாளருக்கும் பழைய வாடிக்கையாளருக்கும் ஒன்றுதான். அதே சர்வரில், அதே மாதத்தில், புதியவருக்கு ₹79-ம் பழையவருக்கு ₹349-மாக இருப்பதை அது விளக்காது.

ஒரு கணக்கைக் கடைசிவரை போட்டுப் பார்ப்போம்

மதுரையில் வீட்டிலேயே ஆரி எம்பிராய்டரி வகுப்பு எடுக்கும் ஒரு பெண் தன் வகுப்புக்கு ஒரு தளம் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் பக்கத்தில் மூன்று விலைகள் இருக்கின்றன. 48 மாதத்துக்கு எடுத்தால் மாதம் ₹79. 12 மாதத்துக்கு எடுத்தால் மாதம் ₹179. மாதாமாதம் கட்டினால் ₹399. முதல் இரண்டுக்கும் புதுப்பிப்பு மாதம் ₹349.

அவர் 48 மாதத்தைத் தேர்ந்தெடுக்கிறார். ₹79 என்று பார்த்து உள்ளே போனவருக்கு அடுத்த பக்கத்தில் ₹3,792 என்று வருகிறது. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து ₹4,475 ஆகிறது. மாதம் ₹79 என்று அவர் எந்த மாதமும் கட்டப்போவதில்லை. ஒரே நாளில் ₹4,475 கட்டுகிறார், அவ்வளவுதான். மாதக் கணக்கில் காட்டுவது தொகையைச் சிறிதாகக் காட்டுவதற்காக.

12 மாதத்தை எடுத்திருந்தால் ஜிஎஸ்டியோடு ₹2,535 கட்டியிருப்பார். இரண்டாம் ஆண்டு மாதம் ₹349 வீதம் புதுப்பிக்கும்போது ₹4,942. நான்கு ஆண்டும் அங்கேயே இருந்து ஆண்டுதோறும் புதுப்பித்தால் மொத்தம் ₹17,361. இதோடு ஒப்பிட்டால் ₹4,475 என்பது மிக மலிவு. முதல் ஆண்டையும் இரண்டாம் ஆண்டையும் மட்டும் கூட்டினாலே ₹7,477 வந்துவிடுகிறது.

இதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். நான்கு ஆண்டும் அதே நிறுவனத்தில், அதே திட்டத்தில், திருப்தியோடு இருக்கப்போகிறவருக்கு நீண்ட காலச் சலுகை உண்மையிலேயே லாபம். இதில் மோசடி எதுவும் இல்லை. ஆனால் 'இருக்கப்போகிறவருக்கு' என்ற நிபந்தனையில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. தன் தளம் ஒரு ஆண்டு தாண்டுமா, இந்த நிறுவனத்தின் சர்வர் வேகமாக இருக்குமா, நள்ளிரவில் தளம் படுத்தால் யாராவது பதில் சொல்வார்களா, தனக்கு எவ்வளவு இடம் தேவைப்படும் என்று எதுவும் ஆரம்பநிலைக்காரருக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளவே ஒரு ஆண்டு ஆகும். எதுவும் தெரியாத அந்த முதல் நாளில்தான் மிக நீண்ட ஒப்பந்தத்துக்கு மிகப் பெரிய தள்ளுபடி காட்டப்படுகிறது.

அவர் ஆறே மாதத்தில் தளத்தைக் கைவிட்டு இன்ஸ்டாகிராமிலேயே வகுப்பை நடத்தினால், 12 மாதத் திட்டத்தைவிட ₹1,940 கூடுதலாக வீணாகும். சகித்துக்கொள்ளக்கூடிய தொகைதான். பெரிய அடி ஐந்தாம் ஆண்டில் வருகிறது. புதுப்பிப்பு விலை மாதம் ₹349 என்று சொன்னார்கள் அல்லவா, அந்த ₹349 பல நேரங்களில் மறுபடியும் 48 மாதத்துக்கே எடுப்பவருக்கான விலை. அப்படியானால் அவர் ஒரே தவணையில் கட்ட வேண்டியது ஜிஎஸ்டியோடு ₹19,767. ஒரு ஆண்டுக்கு மட்டும் புதுப்பிக்கிறேன் என்றால் மாத விலை ₹449 என்று இன்னும் ஏறலாம். முதலில் கட்டிய ₹4,475-ஐயும் இந்த ₹19,767-ஐயும் கூட்டி 96 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் ₹253 வருகிறது. அந்த நிறுவனத்தில் எட்டு ஆண்டு இருக்கப்போகிறவருக்கு உண்மையான விலை அதுதான்.

எந்தத் திட்டத்தை ஒப்பிடும்போதும் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள்: முதல் காலத்தொகை, கூட்டல் ஒரு முறை புதுப்பிக்கும் தொகை, இரண்டுக்கும் ஜிஎஸ்டி, வகுத்தல் மொத்த மாதங்கள். விளம்பரத்தில் மிக மலிவாகத் தெரிந்த நிறுவனம் இந்தக் கணக்கில் பின்னுக்குப் போய்விடுவதும், முதல் நாளிலிருந்தே மாதம் ₹200 என்று ஒரே விலை சொல்லும் சிறிய நிறுவனம் முன்னுக்கு வருவதும் நடக்கும்.

இலவச டொமைனுக்கு நான்கு ஆண்டு கிடையாது

நான்கு ஆண்டுப் பணம் கட்டியவர் நான்கு ஆண்டுக்குக் கவலை இல்லை என்று நினைப்பது இயல்பு. அங்கேதான் மிக மோசமான சிக்கல் இருக்கிறது. ஹோஸ்டிங்கும் டொமைனும் தனித்தனிப் பொருள்கள். ஹோஸ்டிங் என்பது கோப்புகள் இருக்கும் இடம், டொமைன் என்பது அந்தப் பெயர். சலுகையில் 'இலவச டொமைன்' என்று வருவது பெரும்பாலும் முதல் ஆண்டுக்கு மட்டுமே. ஹோஸ்டிங் 48 மாதம் ஓடும்போது டொமைன் 12-ஆம் மாதமே காலாவதியாகும்.

நம் ஆரி ஆசிரியைக்கு முதல் ஆண்டு முடிவில் 'உங்கள் டொமைன் காலாவதியாகப்போகிறது' என்று மின்னஞ்சல் வருகிறது. நான்கு ஆண்டுக்குக் கட்டியாயிற்றே, இது ஏதோ விளம்பரம் என்று அவர் விட்டுவிட வாய்ப்பு அதிகம். விட்டால் தளம் திறக்காது, அந்த டொமைனில் இருக்கும் மின்னஞ்சலும் நின்றுபோகும். டாட் காம் பெயராக இருந்தால், காலாவதிக்குப் பிறகு சில நாள் முதல் ஒன்றரை மாதம் வரை வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பிக்க நிறுவனத்தைப் பொறுத்து அவகாசம் கிடைக்கும். அதற்குப் பின் மீட்புக் காலம் என்று 30 நாள். அந்த நேரத்தில் பெயரைத் திரும்பப் பெற வழக்கமான கட்டணத்தைப் போலப் பல மடங்கு கேட்பார்கள். அதையும் தவறவிட்டால் பெயர் பொதுவில் விடப்படும். யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

புதுப்பிப்பதாகவே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ₹1,200, ஜிஎஸ்டியோடு ₹1,416. மூன்று ஆண்டுக்கு ₹4,248. அதாவது நான்கு ஆண்டு ஹோஸ்டிங்குக்குக் கொடுத்த ₹4,475-க்குக் கிட்டத்தட்ட சமமான தொகை இந்த 'இலவச' டொமைனுக்கே போகிறது. இரண்டையும் கூட்டி 48-ஆல் வகுத்தால் மாதம் ₹182. விளம்பரத்தில் இருந்தது ₹79.

டொமைனை ஹோஸ்டிங் நிறுவனத்திடம் வாங்காமல் தனியாக ஒரு பதிவு நிறுவனத்தில் வாங்கிவிட்டால் இன்னொரு நன்மையும் உண்டு. ஹோஸ்டிங்கை மாற்றும் நாளில் பெயர் உங்கள் கையில் இருக்கும். அங்கே நேம்சர்வரை மட்டும் மாற்றினால் போதும். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால், ஹோஸ்டிங் நிறுவனத்தோடு பில் தகராறு வரும் நாளில் பெயரும் அவர்கள் கணக்கிலேயே இருக்கும். டாட் காம் போன்ற பெயர்களைப் பதிவு செய்த முதல் 60 நாளுக்கு வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்றவும் முடியாது. '30 நாளில் பிடிக்கவில்லை என்றால் பணம் திரும்ப' என்ற உறுதிமொழியைப் பயன்படுத்தும்போதும், இலவசமாகக் கொடுத்த டொமைனுக்கு ஒரு தொகையைக் கழித்துக்கொண்டே மீதியைத் தருகிறார்கள்.

'இலவச எஸ்எஸ்எல்' பற்றி ஒரு வார்த்தை. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்பு 2015 முதல் எல்லோருக்கும் இலவசமாகவே சான்றிதழ் கொடுக்கிறது. அதைச் சலுகையின் மதிப்பில் கூட்டிக்கொள்ள வேண்டாம்.

நடுவில் பெரிய திட்டத்துக்கு மாறினால்

மிக மலிவான விலை எப்போதும் மிகச் சிறிய திட்டத்துக்குத்தான். ஒரே ஒரு தளம், வாரம் ஒரு பேக்கப், குறைந்த நினைவகம். எட்டாம் மாதத்தில் ஆசிரியை தன் தளத்தில் பதிவுப் படிவமும் பணம் செலுத்தும் வசதியும் சேர்க்கிறார். தளம் திணறுகிறது. உதவி சாட்டில் கேட்டால் அடுத்த திட்டத்துக்கு மாறச் சொல்கிறார்கள்.

மாறும்போது மீதமுள்ள 40 மாதத்துக்கான பணத்தைக் கழித்துக்கொள்வார்கள். ஆனால் எந்த விலையில் என்று பார்க்க வேண்டும். அவர் கட்டிய விலை ₹79 என்பதால் 40 மாதத்துக்கு ₹3,160 வரவு. புதிய திட்டத்தைச் சலுகை விலையில் கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு, வழக்கமான விலையில் கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு. வழக்கமான விலை மாதம் ₹499 என்றால், அந்த ₹3,160 ஆறு மாதத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். மூன்று ஆண்டுக்கு மேல் போதும் என்று வைத்திருந்த முன்பணம் அரை ஆண்டில் தீர்ந்துவிடுகிறது. வளரும் தளத்துக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுக்கும் பாதுகாப்பு இவ்வளவுதான்.

பணம் கட்டும் பக்கத்தைப் படிப்பது

அந்தப் பக்கத்தில் நான்கைந்து இடங்களில் கண்ணை நிறுத்த வேண்டும். காலத் தேர்வில் 48 மாதம் ஏற்கெனவே தேர்வாகியிருக்கும். அதை 12-க்கு மாற்றி விலை எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். "Renews at" என்று எங்கோ சிறிதாக இருக்கும். அந்த எண் எத்தனை மாதக் காலத்துக்கான விலை என்பது அங்கேயே இல்லாவிட்டால் விதிமுறைப் பக்கத்தில் தேட வேண்டும், அல்லது விற்பனை சாட்டில் கேட்டு அந்தப் பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். தினசரி பேக்கப், தளப் பாதுகாப்பு, முன்னுரிமை உதவி போன்றவை தாமாகவே டிக் ஆகி இருந்தால் எடுத்துவிடுங்கள். அவற்றில் சில முதல் ஆண்டு இலவசம், அடுத்த ஆண்டு தனி பில் என்ற வகை.

மேலே ஒரு கடிகாரம் 'சலுகை முடிய இன்னும் 2 மணி நேரம்' என்று ஓடிக்கொண்டிருக்கும். அதே பக்கத்தை பிரவுசரின் ரகசியச் சாளரத்தில் திறந்து பாருங்கள். கடிகாரம் முதலிலிருந்து ஓடினால், அது சலுகையின் கடிகாரம் அல்ல, உங்களை அவசரப்படுத்துவதற்கான கடிகாரம்.

இந்தியாவில் 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய உத்திகளுக்கு எதிராக வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. போலி அவசரம் காட்டுவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, விலையைக் கடைசிப் பக்கம்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது, சந்தாவை ரத்து செய்ய விடாமல் சுற்றவிடுவது எல்லாம் அதில் பட்டியலிடப்பட்ட 13 வகைகளில் அடங்கும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். ஆனால் அறிமுக விலையும் புதுப்பிப்பு விலையும் வேறு வேறாக இருப்பது மட்டுமே குற்றம் ஆகாது. பக்கத்தில் சொல்லியிருந்தால், படிக்காதது வாங்கியவர் பக்கக் குறையாகிவிடும்.

புதுப்பிப்பு நாள்

தானியங்கிப் புதுப்பிப்பு ஆரம்பத்திலேயே ஆன் ஆகியிருக்கும். பல நிறுவனங்கள் காலாவதி நாள்வரை காத்திருப்பதில்லை. பதினைந்து நாள், சில நேரம் ஒரு மாதம் முன்பே கார்டில் பணம் எடுக்கின்றன. பணம் திரும்பத் தரும் உறுதிமொழி பெரும்பாலும் முதல் வாங்குதலுக்கு மட்டுமே, புதுப்பிப்புக்குக் கிடையாது. அதனால் காலாவதித் தேதியைக் குறித்து வைத்தால் போதாது. அதற்கு இரண்டு மாதம் முன்னதாக நினைவூட்டல் வைக்க வேண்டும்.

நம் நாட்டுக் கார்டுகளில் ரிசர்வ் வங்கியின் விதி கொஞ்சம் காப்பாற்றுகிறது. தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது வங்கி தகவல் அனுப்ப வேண்டும். இத்தகைய கட்டணங்களில் பொதுவாக ₹15,000-க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி கொடுத்தால்தான் பணம் போகும். இந்த வரம்பு 2022-ல் வந்தது. நம் கணக்கில் இது இரண்டு விதமாக வேலை செய்யும். ஒரு ஆண்டுப் புதுப்பிப்பான ₹4,942, வந்த எஸ்எம்எஸ்ஸை நீங்கள் கவனிக்காவிட்டால் சத்தமில்லாமல் போய்விடும். 48 மாதப் புதுப்பிப்பான ₹19,767 ஓடிபி இல்லாமல் போகாது. பணம் பறிபோகவில்லை என்பது நல்லதுதான். ஆனால் தோல்வியடைந்த கட்டணம் பற்றிய மின்னஞ்சல் நான்கு ஆண்டுக்கு முன் கொடுத்து, இப்போது திறந்தே பார்க்காத முகவரிக்குப் போயிருந்தால், தளம் நின்றுபோன பிறகுதான் விஷயம் தெரியவரும். கணக்கில் இருக்கும் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் இன்றைக்கும் உங்களுடையவைதானா என்று ஆண்டுக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எதை வாங்குவது

நான்கைந்து பக்கங்கள், ஒரு தொலைபேசி எண், சில படங்கள் மட்டும் போதும் என்றால் ஹோஸ்டிங்குக்குப் பணமே தேவையில்லை. எழுதுவது மட்டும்தான் நோக்கம் என்றால் பிளாக்கரில் சொந்த டொமைனை இணைத்துக்கொள்ளலாம். எச்டிஎம்எல் தெரிந்தவருக்கு கிட்ஹப் பேஜஸ், கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் இருக்கின்றன. டொமைனுக்கு மட்டும் செலவு.

வேர்ட்பிரஸ் தேவைப்படுகிற ஆரி ஆசிரியை போன்றவருக்கு என் பரிந்துரை, டொமைனைத் தனியே வாங்கி, ஹோஸ்டிங்கை 12 மாதத்துக்கு எடுப்பது. ₹4,475-க்குப் பதில் ₹2,535. மாத விலை இரு மடங்குக்கு மேல் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். அந்த வித்தியாசம், ஒரு ஆண்டு கழித்துத் தகவலோடு முடிவெடுக்கும் உரிமைக்கான விலை. தளம் உயிரோடு இருக்கிறதா, சர்வர் அடிக்கடி படுத்ததா, உதவி சாட்டில் ஆள் கிடைத்தாரா என்பது பத்தாம் மாதத்தில் அவருக்கே தெரிந்திருக்கும். நிறுவனம் நன்றாக இருந்தால் சாட்டில் போய், புதுப்பிப்பு விலை அதிகமாக இருப்பதால் மாறப்போகிறேன் என்று சொல்லிப் பார்க்கலாம். சில நேரம் குறைத்துத் தருவார்கள். குறைக்காவிட்டால் வேறு நிறுவனத்தின் அறிமுக விலைக்குப் போகலாம். ஏற்கெனவே இரண்டு, மூன்று ஆண்டு தளம் நடத்தி, தன் தேவை என்னவென்று தெரிந்து, நிறுவனத்தையும் அறிந்தவர் 36 அல்லது 48 மாதம் எடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அவர் கணக்குப் போட்டு வாங்குகிறார்.

மாறிப்போவது பயந்த அளவுக்குக் கடினம் அல்ல. கோப்புகளையும் டேட்டாபேஸையும் தனித்தனியாகப் பேக்கப் எடுத்து உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். பேக்கப்பும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வரிலேயே இருந்தால் அது உங்களுடையது ஆகாது. புதிதாக வருபவருக்குத் தளத்தை இலவசமாக மாற்றிக்கொடுக்கும் நிறுவனங்கள் பல உள்ளன. புது இடத்தில் தளம் ஒழுங்காக ஓடுகிறது என்று பார்த்த பிறகே நேம்சர்வரை மாற்ற வேண்டும். மாற்றம் எல்லா இடத்துக்கும் போய்ச்சேர ஒன்றிரண்டு நாள் ஆகலாம் என்பதால், பழைய ஹோஸ்டிங் அதுவரை உயிரோடு இருக்க வேண்டும். அதனால்தான் இரண்டு மாத நினைவூட்டல். மறந்துபோவது மின்னஞ்சல்தான். டொமைன் மின்னஞ்சல் பழைய ஹோஸ்டிங்கிலேயே இருந்தால், பழைய கடிதங்களை இறக்கிக்கொள்ளாமல் கணக்கை மூடினால் அவை திரும்பக் கிடைக்காது.

போகும் இடம் உண்மையிலேயே வேறு நிறுவனம்தானா என்றும் பாருங்கள். புளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர் இரண்டும் பெயரில் வேறு, உடைமையில் ஒன்று. முன்பு எண்டூரன்ஸ் என்ற குழுமம், 2021-க்குப் பின் நியூஃபோல்ட் டிஜிட்டல். இந்தியாவில் பலருக்குத் தெரிந்த பிக்ராக்கையும் எண்டூரன்ஸ் 2014-ல் வாங்கியது. ஒரு பெயரில் இருந்த அதிருப்தியோடு அதே குழுமத்தின் இன்னொரு பெயருக்குப் போய்ச்சேர்வது நடக்கக்கூடியதே.

எல்லாம் முடிந்ததும் பழைய கணக்கில் "Auto-renewal" என்பதை ஆஃப் செய்து, அதை உறுதிசெய்யும் மின்னஞ்சல் வந்ததா என்று பாருங்கள். பிறகு வங்கியின் செயலியில் இ-மேண்டேட் பட்டியலைத் திறந்து, அந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கும் அனுமதியையும் நீக்கிவிடுங்கள். ஹோஸ்டிங்கை ரத்து செய்த பிறகும் தனிப் பில்லாக ஓடும் பேக்கப், பாதுகாப்புச் சேவைகளுக்கு அந்த அனுமதி வழியாகவே பணம் போய்க்கொண்டிருக்கும்.